கழுவத் தெரியாமல் இல்லை, கறை உள்ளே இறங்கிவிட்டது

கேள்வி: தக்காளிக் குழம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் ஆரஞ்சுக் கறை. டிஷ்வாஷரில் போட்டாலும் கையால் தேய்த்தாலும் போகவில்லை. ஏன் இப்படி? எப்படி எடுப்பது?

உங்களிடமும் யாராவது “டப்பாவை ஒழுங்காகக் கழுவக்கூடாதா” என்று கேட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் இதற்கு ஏன் கேள்வி போடப் போகிறீர்கள்? என்னிடம் கேட்டது மேலூரிலிருந்து வந்திருந்த என் மாமியார். பணியாரம் போட்டுக் கொடுக்க எடுத்த டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏத்தா, இதுலயா எனக்குக் குடுத்து விடப் போற?” என்றார். அந்த டப்பாவில் நான் தக்காளியே வைத்ததில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

நடந்தது இதுதான். வீட்டுக்காரர் ஆபீசுக்குத் தக்காளித் தொக்கு கொண்டுபோய், அங்கே மைக்ரோவேவில் சுட வைத்துச் சாப்பிடுவார். அந்த டப்பாவை வழிக்காமல் அப்படியே டிஷ்வாஷரில் போட்டேன், பக்கத்தில் பால்கோவா வைத்திருந்த வெள்ளை டப்பா. வெளியே எடுத்தால் இரண்டுமே ஆரஞ்சு.

தக்காளியின் சிவப்புக்குக் காரணம் லைக்கோபீன் என்ற நிறமி. அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். நம் தொக்கில் எண்ணெய் மேலே மிதக்கிற அளவுக்கு ஊற்றுகிறோம், அதோடு அதுவும் மிதக்கிறது. டப்பா பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும். அதுவும் எண்ணெயோடு ஒட்டுகிற ஜாதி. சூட்டில் பிளாஸ்டிக் இளகும்போது எண்ணெய் நிறத்தையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அப்புறம் மேலே எவ்வளவு தேய்த்தாலும் என்ன பயன்? டிஷ்வாஷரின் வெந்நீரோ அந்த எண்ணெயை எல்லா டப்பாவின் மேலும் பூசி, கடைசியில் சூடாகக் காய வைத்தும் கொடுக்கிறது. எவர்சில்வரும் கண்ணாடியும் தப்பிப்பது நிறம் உள்ளே இறங்க அங்கே வழியில்லை என்பதால்.

எண்ணெயில் கரைவதை எண்ணெயை வைத்துத்தான் எடுக்க வேண்டும். கேலி செய்யாதீர்கள், செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஈரமில்லாத டப்பாவில் ஒரு டீஸ்பூன் சூரியகாந்தி எண்ணெய் விட்டு, டிஷ்யூ பேப்பரால் இரண்டு நிமிஷம் அழுத்தித் தேய்த்தேன். முதல் பேப்பர் நல்ல ஆரஞ்சாக வந்தது, இரண்டாவது வெளிறி வந்தது, மூன்றாவதில் ஒன்றும் வரவில்லை. அதற்கு மேல் தேய்ப்பது வீண். அப்புறம் பாத்திரம் கழுவும் திரவம் போட்டுப் பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவினேன்.

சோப்பு பட்டதும் மிச்சக் கறை செங்காவியாக மாறினால் பயப்படாதீர்கள், அது மஞ்சள்தூள். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்குமே, அதே சங்கதி. அலசினால் பழைய மஞ்சளுக்கே திரும்பிவிடும்.

மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். இரண்டு நிறமும் வெளிச்சத்தில் சிதைபவை, மஞ்சள் சீக்கிரம், தக்காளி மெதுவாக. ஆனால் எங்கள் வீட்டு ஓனர் மொட்டை மாடியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறவர். வடாம் காயப்போடக் கேட்டாலும் “தளம் வீணாப் போகும்” என்பார். மூவாயிரம் வாடகை ஏற்றும்போது தளம் ஞாபகம் வரவில்லை. சரி, அதை விடுங்கள். பால்கனியில் காலை வெயில் மட்டும் விழும், அங்கே டப்பாவைத் திறந்து மல்லாக்க வைத்தேன். மஞ்சள் முதல் நாளே போனது, ஆரஞ்சுக்கு மூன்று நாள் ஆனது. போனதும் எடுத்து வைத்துவிடுங்கள், வாரக்கணக்கில் கிடந்தால் பிளாஸ்டிக் நொறுங்கும்.

வெயிலே இல்லாத வீடென்றால், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ப்ளீச் கலந்து அரை மணி நேரம் ஊற வைத்து நன்றாக அலசுங்கள். கூடவே எலுமிச்சையோ வினிகரோ சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும்.

“எவர்சில்வர் வாங்கித் தொலையேன்” என்று சிலர் வருவீர்கள். அதை மைக்ரோவேவில் வைப்பது யார்? இப்போது தொக்கை ஆற வைத்துத்தான் டப்பாவில் போடுகிறேன். அவர் ஆபீசில் பீங்கான் தட்டில் கொட்டிச் சுட வைக்கிறார். வந்ததும் பழைய பேப்பரால் எண்ணெயை வழித்துவிட்டுத்தான் கழுவுவேன்.

பால்கோவா டப்பா பழைய வெள்ளைக்கு வந்துவிட்டது. தொக்கு டப்பா வரவில்லை. உள்ளே எண்ணெய் நின்ற மட்டத்தில் விரலை ஓட்டினால் சொரசொரவென்று ஒரு வளையம் தட்டுப்படுகிறது. சூடான எண்ணெய் பட்டு பிளாஸ்டிக்கே பொரிந்துபோன இடம் அது. அந்தக் குழிகளுக்குள் இருக்கும் நிறம் எதற்கும் அசையாது. இப்போது அதில் துணி கிளிப் போட்டு வைத்திருக்கிறேன்.