விளம்பரம் இல்லாத கம்பெனிக்கு எழுதுவது

“கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் சேர ஆசை, ஆனால் காலியிடம் எதுவும் அறிவிக்கவில்லை. 3 வருடமாக ஃபவுண்டரியில் குவாலிட்டியில் இருக்கிறேன். லெட்டரில் என்ன எழுதுவது?”

‘காலியிடம் இருந்தால்’ என்று தொடங்காதீர்கள், ‘இல்லை’ என்று முடித்துவிடுவார்கள். எச்.ஆர். பொது முகவரிக்கு அனுப்பினால் எந்தப் பதவியிலும் சேராமல் அப்படியே கிடக்கும். குவாலிட்டி மேனேஜர் யாரென்று லிங்க்ட்இன்னில் பார்த்து அவருக்கே எழுதுங்கள், ஆள் பற்றாக்குறை முதலில் தெரிவது அவருக்குத்தான்.

முதல் வரியிலேயே அவர்கள் பொருளும் உங்கள் வேலையும் சேர வேண்டும். இப்படி: ‘நீங்கள் சப்மெர்சிபிள் பம்பு செய்கிறீர்கள். எங்கள் இம்பெல்லர் வார்ப்புகளில் ப்ளோஹோல் வந்து கழிந்தவை 100-க்கு 8 இருந்தது, மணலின் ஈரத்தை ஷிப்டுக்கு இருமுறை அளந்து சரிசெய்ததில் 3 ஆனது. அளந்து பதிவு செய்தது நான்.’ எண்கள் உங்களுடையதாக இருக்கட்டும், நேரில் கட்டாயம் துருவிக் கேட்பார்கள். இப்போதைய கம்பெனியின் வாடிக்கையாளர் பெயர், டிராயிங் எதுவும் வேண்டாம், அதைப் பார்த்தால் நாளை நம் ரகசியமும் வெளியே போகும் என்றுதான் நினைப்பார்கள்.

கடைசியில் வேலை கேட்காமல் 15 நிமிடம் பேச நேரம் கேளுங்கள், ஆள் எடுக்க அனுமதி இல்லாதவரும் அதற்குச் சரி சொல்லலாம். 10 நாளில் பதில் இல்லையென்றால் அதே மெயிலின் கீழே இரண்டு வரியில் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள்.