கரன்ட் போனால் எஸ்.எம்.எஸ். வரவேண்டாமா?

கேள்வி: கொள்ளிடக் கரையில் எங்கள் ஊராட்சியின் குடிநீர் பம்ப் ஹவுஸ் இருக்கிறது. இரவில் ஆள் கிடையாது. மோட்டார் நின்றால் ஆபரேட்டர் போனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் பெட்டி மாட்டியிருக்கிறோம். சில நாள் செய்தி வருகிறது, சில நாள் வருவதில்லை. கடைக்காரர் 4ஜி பெட்டிக்கு மாறச் சொல்கிறார். மாறலாமா?
– ஊராட்சி உறுப்பினர், திருவையாறு வட்டம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். விலை குறைந்த பெட்டிகள் பலவும் மூன்று பேஸில் ஏதோ ஒன்றிலிருந்துதான் கரன்ட் எடுக்கின்றன. வேறொரு பேஸ் போனால் மோட்டார் நிற்கும், பெட்டி உயிரோடு இருந்து செய்தி அனுப்பும். பெட்டி தொங்கும் அதே பேஸ் போனாலோ, மொத்தக் கரன்டும் போனாலோ, மோட்டாரோடு சேர்ந்து பெட்டியும் அணைந்துவிடும். அப்புறம் யார் செய்தி அனுப்புவது?

இதை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடலாம். மோட்டார் ஓடாத நேரத்தில் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். ஓரிரு நிமிடத்தில் 'கரன்ட் இல்லை' என்று செய்தி வராவிட்டால், பெட்டிக்குப் பேட்டரி இல்லை, அல்லது இருக்கும் பேட்டரி செத்துவிட்டது. 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி போதும். பெட்டி சராசரியாக 0.2 ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி 35 மணி நேரம் தாங்கும். தகரக் கொட்டகைச் சூட்டில் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதுவே ஓர் இரவுக்குத் தாராளம்.

பேட்டரி போட்டாலும் ஒரு ஓட்டை மிச்சம் இருக்கும். சிம்மின் வேலிடிட்டி முடிந்தாலோ ஆன்டெனா கழன்றாலோ பெட்டி எதையும் சொல்லாது, நாமும் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வோம். அதனால் தினமும் மாலை 6 மணிக்கு 'நலம்' என்று ஒரு செய்தி அனுப்பும்படி பெட்டியை அமைக்கச் சொல்லுங்கள். 6.15 வரை வராவிட்டால் ஆபரேட்டர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வராத செய்தியைக் கவனிப்பது மனிதர்களுக்குக் கஷ்டம். ஆகவே அது யார் பொறுப்பு என்பதை எழுதியே வையுங்கள். இந்த வசதி இல்லாத பெட்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

4ஜி விஷயம் இதற்கெல்லாம் அப்புறம்தான். உங்கள் பெட்டி 2ஜி என்றால், அதன் சிம்மை ஒரு போனில் போட்டு, நெட்வொர்க் அமைப்பில் 2ஜி மட்டும் என்று வைத்து, பம்ப் ஹவுஸ் உள்ளேயே நின்று பாருங்கள். சிக்னல் நிலையாக இருந்தால் இப்போதைக்கு ஓட்டலாம். ஜியோ சிம் அதில் வேலை செய்யாது, ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. புதிதாக வாங்கும் நாளில் 4ஜியே வாங்குங்கள். இரும்புப் பேனல் சிக்னலைத் தடுக்கும், ஆன்டெனாவை வெளியே கொண்டுவந்து மாட்டச் சொல்லுங்கள்.

2018 கஜா புயல் மாதிரி டவரே படுத்துவிட்டால் எந்தப் பெட்டியாலும் செய்தி அனுப்ப முடியாது. புயல் எச்சரிக்கை வந்த இரவுகளில் பம்ப் ஹவுஸுக்கு ஓர் ஆளைப் போடுங்கள்.