சத்துமாவு பாக்கெட்டில் கலோரிக் கணக்கு உதைக்கிறதே!

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் 'லோ கலோரி' என்று போட்ட சத்துமாவு வாங்கினேன். 100 கிராமுக்கு 298 கலோரி, புரதம் 14.2 கிராம், மாவுச்சத்து 72.5, கொழுப்பு 6.4, நார்ச்சத்து 10.5 என்று லேபிளில் இருக்கிறது. நான் கணக்குப் போட்டால் 404 கலோரி வருகிறது. தப்பு என் கணக்கிலா, லேபிளிலா?

பதில்: லேபிளில்தான். நீங்கள் போட்ட முறை சரி. புரதத்தையும் மாவுச்சத்தையும் 4ஆல் பெருக்க வேண்டும், கொழுப்பை 9ஆல் பெருக்க வேண்டும், மூன்றையும் கூட்ட வேண்டும். 57, 290, 58 என்று வந்து 404ஐத் தொடும். மாவுச்சத்துக்குக் கீழே தள்ளி எழுதியிருக்கும் சர்க்கரையையும், கொழுப்புக்குக் கீழே இருக்கும் நிறைவுற்ற கொழுப்பையும் நீங்கள் தனியாகக் கூட்டவில்லை. பலர் இடறி விழும் இடம் அது. அவை மேலே உள்ள எண்ணுக்குள் ஏற்கெனவே அடங்கியவை.

ஆனால் 404 என்பதும் கடைசி விடையல்ல. நார்ச்சத்தை ஒரு தடவை கணக்கில் எடுக்க வேண்டும். நார்ச்சத்து நம் குடலில் முழுதாகச் செரிக்காது. அதனால் அதற்கு 4 கலோரி கிடையாது, கிராமுக்கு 2 கலோரி என்றுதான் வைப்பார்கள். உங்கள் பாக்கெட்டில் 10.5 கிராம் இருக்கிறது. 4 போட்ட இடத்தில் 2 போட்டால் 21 கலோரி குறையும். ஆக 383. நார்ச்சத்துக்கு ஒன்றுமே கிடையாது என்று முழுத் தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் 362 வரும். எந்த நியாயமான வழியில் போனாலும் 298க்கு இறங்க முடியாது.

நார்ச்சத்து விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல் ஒழுங்கான கம்பெனியைக்கூடத் திட்டிவிடுகிறோம். சில லேபிள்களில் மாவுச்சத்து என்ற எண்ணுக்குள் நார்ச்சத்தும் சேர்ந்திருக்கும். சிலவற்றில் நாரைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் போட்டிருப்பார்கள். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் கேழ்வரகைப் பாருங்கள். புரதம் 7.2, கொழுப்பு 1.9, மாவுச்சத்து 66.8, நார்ச்சத்து 11.2, ஈரம் 10.9, தாது உப்பு 2. ஆறையும் கூட்டினால் 100. அதாவது அங்கே நார் தனி. அதே அட்டவணையின் எண்ணை எடுத்து லேபிள் அடிப்பவர் நாரைத் தனியாகவே விடுவார். லேப் சோதனைக்குக் கொடுத்து வாங்கியவர் பெரும்பாலும் சேர்த்தே போடுவார். இரண்டில் எது என்று பாக்கெட் சொல்லாது.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கலோரியை மறந்துவிட்டு கிராம்களைக் கூட்டுங்கள். 100 கிராம் மாவில் ஈரமும் தாது உப்பும் கட்டாயம் உண்டு. வறுத்து அரைத்த சத்துமாவில் ஈரம் 4, 5 கிராமுக்குக் கீழே போவது கஷ்டம். வறுக்காத மாவு என்றால் 10 கிராம் வரை இருக்கும். தாது உப்பு 2 கிராம் அளவில் வரும். ஆகவே மீதிச் சத்துகள் எல்லாம் சேர்ந்து 88இலிருந்து 94 கிராமுக்குள் அடங்க வேண்டும். உங்கள் பாக்கெட்டில் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து மூன்றும் சேர்ந்தே 93.1. அதன் மேல் நாரையும் ஏற்றினால் 103.6. 100 கிராமுக்குள் 103 கிராம் எப்படி அடங்கும்? ஆக இங்கே நார் மாவுச்சத்துக்குள் சேர்ந்துதான் இருக்கிறது. 383 என்ற விடை அதனால்தான் நிற்கிறது. நார் மாவுச்சத்துக்கு வெளியே இருந்திருந்தால் கழிப்பதற்குப் பதில் 21 கலோரி கூட்ட வேண்டியிருந்திருக்கும்.

நார் மிக அதிகமுள்ள பொருளில் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். இசப்கோல் உமி பாக்கெட்டில் மாவுச்சத்து என்று பெரிய எண் இருக்கும், கலோரி அதற்கு நீங்கள் போடும் கணக்கில் பாதிதான் இருக்கும். அது மோசடி இல்லை, அது கிட்டத்தட்ட முழுக்க நார். சத்துமாவுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது.

சரி, 298 எங்கிருந்து வந்தது? இங்கேதான் நான் பொறுமை இழக்கிறேன். சோதனை செய்யும் லேபில் கலோரியை யாரும் நேராக அளப்பதில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஈரம், தாது உப்பு, புரதம், கொழுப்பு நான்கையும் சோதித்து எடுப்பார்கள். 100இலிருந்து நான்கையும் கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. கலோரி என்பது அதற்குப் பிறகு போடும் பெருக்கல் கணக்கு. அதனால் லேப் ரிப்போர்ட்டில் கிராமும் கலோரியும் உதைக்க வாய்ப்பே இல்லை. இரண்டும் ஒரே தாளில், ஒரே கணக்கில் வந்தவை. லேபிளில் உதைக்கிறது என்றால் ரிப்போர்ட்டுக்கும் அச்சுக்கும் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அல்லது ரிப்போர்ட்டே இல்லை.

அந்த யாரோ பெரும்பாலும் ஏஜென்ட்தான். சிறு தயாரிப்பாளர்களிடம் போய் "லைசென்ஸ், லேபிள், பார்கோடு எல்லாம் சேர்த்து ஒரே தொகை, நீங்கள் அலையவே வேண்டாம்" என்று பேசுவார். அவரிடம் ஏற்கெனவே பத்து கம்பெனியின் லேபிள் ஃபைல் இருக்கும். பெயரை மாற்றி, படத்தை மாற்றி, சத்து அட்டவணையை அப்படியே ஒட்டிக் கொடுப்பார். 'கலோரியைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள், விற்கும்' என்று தயாரிப்பாளர் சொன்னால் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றுவார். மற்ற வரிகளோடு பொருந்தவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. வீட்டில் உழைத்து நல்ல மாவு அரைக்கும் பெண்கள் பலர் இப்படிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொய் லேபிளோடு நிற்கிறார்கள். பிடிபட்டால் மாட்டுவது அவர்கள், ஏஜென்ட் பெயர் பாக்கெட்டில் எங்கும் இருக்காது. லேபிளில் பொய்த் தகவல் போட்டால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

அதில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதே, பிறகெப்படி என்று கேட்பீர்கள். அந்த எண் தொழில் செய்ய அனுமதி. உங்கள் பாக்கெட்டின் அட்டவணையை ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்தார் என்று அதற்குப் பொருளில்லை. சாதாரண உணவுப் பொருட்களின் லேபிளை விற்பனைக்கு முன்னால் யாரும் ஒப்புதல் கொடுத்து அனுப்புவதில்லை. ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்லி ஆளை வதைக்கும் இணையதளத்தில், மூன்று எண்ணைப் பெருக்கிக் கூட்டிப் பார்க்கும் ஒரு கட்டம் வைக்க என்ன தடை? எட்டாம் வகுப்புக் கணக்கு. அதைச் செய்யாததால் நீங்கள் சமையலறையில் கால்குலேட்டரோடு நிற்க வேண்டியிருக்கிறது.

'லோ கலோரி' என்ற வாசகத்தையும் சொல்லிவிடுகிறேன். உணவு விளம்பரங்களுக்கான 2018 விதிகளின்படி திட உணவு ஒன்றை அப்படி அழைக்க 100 கிராமில் 40 கலோரிக்கு மேல் இருக்கக் கூடாது. உலர்ந்த மாவு எதுவும் அந்த அளவுக்கு வராது, வரவும் முடியாது. லேபிளில் உள்ள 298ஐ அப்படியே நம்பினாலும் அந்த வாசகம் பொய்தான்.

இன்னொன்று, இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். கணக்கு உதைத்தால் லேபிள் தவறு என்று உறுதியாகச் சொல்லலாம். கணக்கு பொருந்தினால் லேபிள் உண்மை என்று சொல்ல முடியாது. கால்குலேட்டர் வைத்திருக்கும் எந்த ஏஜென்டும் பொருந்துகிற பொய்யை எழுத முடியும். அதேபோல் 5, 10 கலோரி வித்தியாசத்துக்குச் சண்டைக்குப் போக வேண்டாம். தசமத்தைச் சுருக்கிப் போடுவதால் வருவது அது. உங்கள் பாக்கெட்டில் இருக்கும் வித்தியாசம் 85 கலோரி.

இப்போது செய்ய வேண்டியது. பாக்கெட்டின் எல்லாப் பக்கங்களையும், குறிப்பாக பேட்ச் எண்ணும் தேதியும் தெரியும்படி, படம் எடுத்துவிடுங்கள். பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். லேபிளில் உள்ள முகவரிக்கு எழுதி இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: எந்த லேப், எந்தத் தேதியிட்ட ரிப்போர்ட்? மாவுச்சத்தில் நார் சேர்ந்ததா, சேராததா? ஒழுங்கான தயாரிப்பாளர் ரிப்போர்ட்டின் படத்தை அனுப்பிவிடுவார். பதில் மழுப்பலாக வந்தால், அல்லது வராவிட்டால், உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்குப் புகார் கொடுங்கள். புகாரில் உங்கள் பெருக்கல் கணக்கையும் எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் 'மாதிரி எடுத்தோம், கலப்படம் இல்லை' என்று பதில் வந்து கோப்பு மூடிவிடும். நீங்கள் கேட்டது கலப்படம் அல்ல.

நீங்களே சோதனைக்குக் கொடுக்கவும் சட்டத்தின் 40ஆம் பிரிவு உரிமை தருகிறது. கட்டணம் கட்டினால் அரசு உணவுப் பகுப்பாய்வாளர் ரிப்போர்ட் தருவார், தவறு நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் 'இதைச் சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. மாவு வாங்கப் போகிற இடத்தில் எந்தத் தாய் இதைச் சொல்வாள்? வீட்டில் இருக்கும் பாக்கெட்டை வைத்து அந்த வழியில் போக முடியாது, புதிதாக ஒன்று வாங்கிச் சொல்லித்தான் போக வேண்டும்.

அம்மாவின் விஷயத்தில் கலோரி வரியை விட்டுவிட்டு மாவுச்சத்து வரியைப் பாருங்கள். ஒரு வேளைக்கு 30 கிராம் மாவு போட்டால் கிட்டத்தட்ட 22 கிராம் மாவுச்சத்து, அதில் 3 கிராம் நார். டாக்டரிடமோ டயட்டீஷியனிடமோ இந்த எண்ணைச் சொல்லுங்கள். 30 கிராமுக்கு 89 என்று லேபிள் கணக்கில் வரும் கலோரியை 115 என்று திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். 30 கிராமை ஒரு முறையாவது தராசில் வைத்துப் பாருங்கள், குவித்து அள்ளும் கரண்டியில் அது சுலபமாக 45 ஆகிவிடும்.