வாசற்படியில் நின்ற கோழி

கேள்வி: பென்குயினும் பறவைதானே? பிறகு ஏன் சிட்டுக்குருவிதான் அசல் பறவை மாதிரித் தெரிகிறது? தினமும் பார்ப்பதாலா?

பழக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் பழக்கம் மட்டும்தான் காரணம் என்றால் கோழியல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்?

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஒருநாள் ஆறாம் தரப் பிள்ளைகளிடம் ஐந்து பறவைகளின் பெயரைக் கொப்பியில் எழுதச் சொன்னேன். குருவி, காகம், கிளி, மைனா, புறா என்று எழுதினார்கள். கோழியை ஒருவரும் எழுதவில்லை. அந்த நேரம் வாசற்படியிலேயே ஒரு கோழி நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். "சேர், அது கோழி சேர்!" என்றான் ஒருவன்.

1975இல் எலினோர் ரோஷ் என்ற உளவியலாளர் அமெரிக்க மாணவர்களிடம் இதையே முறையாகக் கேட்டார். பறவைக்கு மிக நல்ல உதாரணம் என்றால் 1, மோசமான உதாரணம் என்றால் 7. ராபினும் குருவியும் 1ஐ ஒட்டி நின்றன. கோழி 4 பக்கம் போனது, பென்குயின் 4.5 பக்கம். பட்டியலில் வௌவாலும் இருந்தது. கடைசி இடம் அதற்கு.

ரோஷும் கரோலின் மெர்விஸும் சொன்ன காரணம் குடும்பச் சாயல். லயத்துத் தகரக் கூரை இடுக்கில் கூடு கட்டும் குருவியைப் பாருங்கள். சின்ன உடம்பு, பறக்கிறது, கீச்சிடுகிறது, கொப்பில் உட்காருகிறது. இதில் எதை எடுத்தாலும் மைனாவிடமோ கிளியிடமோ கொண்டைக்குருவியிடமோ அது இருக்கும். கோழிக்கு இறகும் அலகும் முட்டையும் உண்டு, ஆனால் பறப்பதெல்லாம் வேலியைத் தாண்டும் அளவுக்குத்தான். பென்குயினுக்கும் அந்த மூன்றும் உண்டு. ஆனால் சிறகு துடுப்பாகிவிட்டது, நீந்தி மீன் பிடிக்கிறது. மற்றப் பறவைகளோடு பொதுவானது குறைந்து, கடல்நாயோடு பொதுவானது கூடிவிட்டது. சாயல் இரண்டு பக்கமும் இழுப்பதால்தான் மனம் தயங்குகிறது.

நம் பேச்சே இதற்குச் சாட்சி. தேயிலைச் செடிக்குள்ளிருந்து பெயர் தெரியாத ஒன்று விர்ரென்று பறந்தால் "ஏதோ குருவி" என்கிறோம். நல்ல உதாரணத்தின் பெயரே கூட்டத்துக்கும் பெயராகிவிட்டது.

இதை வைத்து 'பென்குயின் பாதிப் பறவை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1983இல் ஆம்ஸ்ட்ராங், கிளைட்மன் தம்பதி என்ற உளவியலாளர்கள் ஒற்றை எண்களை வைத்து இதே சோதனையைச் செய்தார்கள். 447ஐ விட 3தான் நல்ல ஒற்றை எண் என்று ஆட்கள் மதிப்பெண் போட்டார்கள்! என் வகுப்பிலும் கேட்டுப் பார்த்தேன், "மூணு சேர்" என்றார்கள். "அப்போ 447 அரைகுறை ஒற்றை எண்ணா?" என்றதும் சிரித்துவிட்டார்கள். சாயலில் எத்தனையாவது இடம் என்பது ஒன்று, உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது வேறொன்று. 4.5 வாங்கிய பென்குயின் உயிரியலில் முழுப் பறவை, வாசற்படியில் நின்ற அந்தக் கோழியும்தான்.