கியூஆர் குறியீட்டுக்குள் இருப்பது யாருடைய முகவரி?

கேள்வி: தண்ணீர் வடிகட்டிகளுக்கான கார்ட்ரிட்ஜ் தயாரித்து விற்கிறோம். கடைப் பலகையிலும் 5,000 அட்டைப்பெட்டிகளிலும் கியூஆர் குறியீடு அச்சிட இருக்கிறோம். குறியீட்டைத் தானே செய்து தருவதாகவும், அது வேலை செய்ய ஆண்டுதோறும் சந்தா கட்ட வேண்டும் என்றும் வடிவமைப்பாளர் சொல்கிறார். கட்டத் தவறினால் அச்சிட்ட பெட்டிகள் வீணாகிவிடுமா?

பதில்: அவர் செய்து தரும் முறையில் வீணாகிவிடும், ஆனால் அந்த முறை உங்களுக்குத் தேவையே இல்லை. கியூஆர் குறியீடு என்பது ஒரு வரி எழுத்தைக் கறுப்பு வெள்ளைச் சதுரங்களாக மாற்றி எழுதியது மட்டுமே. அதற்குக் காலாவதி கிடையாது. 1994இல் இதை உருவாக்கிய ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம், தரநிலைப்படி அமைந்த குறியீட்டை யாரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்த விட்டிருக்கிறது. அப்படியிருக்கச் சந்தா எதற்கு என்றால், உங்கள் குறியீட்டுக்குள் உங்கள் இணையதள முகவரி இருக்காது. இடைத்தரகர் ஒருவருடைய குறுமுகவரி இருக்கும். வாடிக்கையாளரின் கைபேசி முதலில் அந்த இடைத்தரகரின் கணினிக்குப் போகும், அங்கிருந்துதான் உங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடப்படும். சந்தா நின்றால் அந்தத் திருப்பம் நிற்கும், நீங்கள் அச்சிட்ட சதுரங்கள் மட்டும் பெட்டியில் அப்படியே இருக்கும். இதைத்தான் ‘டைனமிக் கியூஆர்’ என்ற பெயரில் விற்கிறார்கள். இலவசம் என்று அழைக்கும் தளங்கள் சிலவும் சோதனைக் காலம் முடிந்ததும் இதையே செய்கின்றன. அந்த விவரம் எப்போதும் பணம் கேட்கும் பக்கத்தில்தான் தென்படும் என்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

இதைக் கண்டுபிடிக்க எந்த நிபுணரும் வேண்டாம். மாதிரி அச்சின் மேல் கைபேசிக் கேமராவைக் காட்டி, திரையில் வரும் முகவரியைத் தொடாமல் படியுங்கள். அங்கே உங்கள் டொமைன் பெயர் இல்லையென்றால், தொட்ட பிறகு உங்கள் பக்கமே திறந்தாலும், அந்தக் குறியீடு உங்களுடையது அல்ல.

சந்தா நின்றால் பெட்டிகள் வீண் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வடிவமைப்பாளர் அதைத்தான் எடுத்துக்காட்டிப் பேசுவார். சில சேவைகள் உங்கள் சொந்த டொமைனையே குறுமுகவரியாக இணைத்துக்கொள்ள இடம் தருகின்றன. அப்போது குறியீட்டுக்குள் உங்கள் பெயர் இருக்கும், திருப்பிவிடும் வேலையை மட்டும் அந்தச் சேவை செய்யும். நாளை சந்தாவை நிறுத்தினால், டொமைன் அமைப்பை மாற்றி அதே முகவரியை உங்கள் தளத்துக்கே கொண்டுவந்துவிடலாம், பெட்டிகள் தப்பிக்கும். எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்ற கணக்கு உங்களுக்கு முக்கியமென்றால் இதற்குப் பணம் கட்டுவதில் தவறில்லை. ஆனால் இரண்டு நிபந்தனைகள்: டொமைன் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அதன் அமைப்புகளை மாற்றும் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்க வேண்டும். வடிவமைப்பாளரே தம் பெயரில் டொமைனைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, ‘உங்களுடையதுதான் சார்’ என்று சொல்வது இந்தத் தொழிலில் நான் அடிக்கடி காணும் இன்னொரு கண்ணி. அப்படியானால் விலக்கும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்லும் வழி எளியது. பெட்டிக்கென்று உங்கள் டொமைனில் ஒரு குறுகிய முகவரி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டொமைன் `example.com` என்று வைத்துக்கொண்டால், பெட்டிக்கு `https://example.com/p7`, பலகைக்கு `https://example.com/b1`. இந்த முகவரி என்றும் மாறாது. அது எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் உங்கள் தளத்தில் வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். தளம் அப்பாச்சி என்ற வழங்கி மென்பொருளில் இயங்கினால் `.htaccess` கோப்பில் ஒரே வரி போதும்:

```
Redirect 302 /p7 https://example.com/filter-help
```

302 என்பது தற்காலிகத் திருப்பம். 301 என்று எழுதினால் அது நிரந்தரம் என்று பொருள்படும். கைபேசி உலாவி பழைய இலக்கை நினைவில் வைத்துக்கொண்டு, நீங்கள் மாற்றிய பிறகும் அங்கேயே போகக்கூடும். விற்காத பெட்டி எத்தனை ஆண்டுகள் அலமாரியில் இருக்குமோ அதற்கும் மேலாக டொமைனைப் புதுப்பித்து வையுங்கள். அது காலாவதியானால் வேறொருவர் வாங்கிவிடலாம், பிறகு உங்கள் பெட்டி அவருடைய பக்கத்தைத்தான் திறக்கும்.

முகவரி குறுகியதாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. மேலே சொன்ன 22 எழுத்து முகவரியை, சில சதுரங்கள் அழிந்தாலும் படிக்க உதவும் நடுத்தரப் பிழைதிருத்தத்தோடு 25×25 சதுரங்களில் அடக்கிவிடலாம். விளம்பரக் கண்காணிப்பு வால்கள் ஒட்டிய 120 எழுத்து முகவரியோ 45×45 சதுரங்கள் கேட்கும். பெட்டியில் 2.5 செ.மீ. இடம் இருந்தால் முன்னதில் ஒவ்வொரு சதுரமும் 1 மி.மீ., பின்னதில் சுமார் அரை மி.மீ. தான், மை சற்றே பரவினாலும் படிக்க முடியாமல் போகும். முகவரியில் தமிழ் எழுத்துகள் வேண்டாம்: ‘கடை’ என்ற சிறு சொல்கூடக் குறியாக்கப்பட்டு 27 எழுத்துகளாக நீளும். குறியீட்டைச் சுற்றி நான்கு சதுர அகலத்துக்கு வெற்றிடம் விடச் சொல்லுங்கள். வடிவமைப்பாளர்கள் முதலில் கைவைப்பது அதில்தான்.

பலகைக்கு ஒரு கைக்கணக்கு: ஸ்கேன் செய்பவர் நிற்கும் தொலைவில் பத்தில் ஒரு பங்காவது குறியீட்டின் அகலம் இருக்க வேண்டும். ஐந்து மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் உயரப் பலகைக்கு அரை மீட்டர் தேவைப்படும். அதைவிட, கதவருகே கண் மட்டத்தில் 10 செ.மீ. குறியீடு ஒன்று ஒட்டுவது மேல்.

இரண்டையும் முகப்புப் பக்கத்துக்கே அனுப்பிவிட வேண்டாம். பலகையின் முன் நிற்பவர் கடை மூடியிருக்கும் வேளையில் வந்திருக்கலாம். திறக்கும் நேரம், தொலைபேசி எண், எந்த மாடல் கையிருப்பில் உண்டு என்பவை முதல் திரையிலேயே தெரிய வேண்டும். பெட்டியை ஸ்கேன் செய்பவரோ ஈரக் கையோடு பழைய கார்ட்ரிட்ஜைக் கழற்றிக்கொண்டிருப்பவர். அவருக்கு நிறுவன வரலாறு எதற்கு? தண்ணீரை அடைப்பது, எந்தப் பக்கம் திருகுவது, முதலில் வரும் தண்ணீரை எவ்வளவு நேரம் வீணாக விடுவது, அடுத்து எப்போது மாற்றுவது என்ற வரிசையில், அந்த மாடலுக்கு மட்டுமான படங்களோடு பக்கம் இருக்கட்டும். மூன்று மாடல்கள் விற்றால் மூன்று குறுமுகவரிகள். குறியீட்டுக்குக் கீழே முகவரியைச் சிறிய எழுத்திலும் அச்சிடுங்கள்: குறியீடு கிழிந்தால் தட்டச்சு செய்துகொள்ளலாம், பலகையில் யாராவது போலிக் குறியீட்டை மேலே ஒட்டிவைத்தால் திரையில் வரும் பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அச்சகத்துக்கு எஸ்விஜி அல்லது வெக்டர் பிடிஎஃப் கோப்பாகவே கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கினால் விளிம்புகள் மங்கிவிடும். அச்சகம் ‘நாங்களே திரும்ப உருவாக்கிக்கொள்கிறோம்’ என்றால் ஒப்பாதீர்கள். அதே அட்டையில், அதே அளவில் ஒரு பெட்டியை மட்டும் அச்சிடச் சொல்லி, அதை மடித்து ஒட்டிய பிறகு, பழைய கைபேசி ஒன்றாலும் மங்கிய வெளிச்சத்திலும் ஸ்கேன் செய்து பார்த்து, திரையில் உங்கள் டொமைன் பெயரைப் படித்த பின்பே மீதி 4,999 பெட்டிகளுக்குக் கையெழுத்திடுங்கள்.