கடைசி வீட்டு மின்விசிறி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஓமலூர் பக்கம் ஒரு கிராமத்தில் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். மேட்டூரில் தயாராகும் மின்சாரத்தை இரண்டு லட்சத்து முப்பதாயிரம் வோல்ட் ஆக்கி அனுப்புகிறார்கள் என்று ஆசிரியர் சொன்னார். வீட்டுக்கு வேண்டியது 230 வோல்ட்தானே? எதற்காக ஏற்றிவிட்டு மறுபடி இறக்க வேண்டும்? இன்னொன்று: எங்கள் வீடு தெருவின் கோடியில் இருக்கிறது. மாலையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருக்கும் மாமா வீட்டில் அப்படி இல்லை. ஏன்?

எட்டாம் வகுப்பு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நீ இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் விடை ஒன்றுதான்.

கம்பி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தன் வழியே போகும் மின்சாரத்தைக் கொஞ்சம் தடுக்கும். அதைத்தான் மின்தடை என்கிறோம். தடுக்கும்போது கம்பி சூடாகிறது. அந்தச் சூடு முழுவதும் நமக்கு நஷ்டம். எவ்வளவு நஷ்டம் என்பதை வோல்ட் தீர்மானிப்பதில்லை, கம்பியில் ஓடும் ஆம்பியர்தான் தீர்மானிக்கிறது. அதுவும் நேர்க்கணக்கு இல்லை. ஆம்பியர் இரண்டு மடங்கானால் நஷ்டம் நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு. இந்த ஒரு விதியை மட்டும் கையில் வைத்துக்கொள்.

இப்போது ஒரு நோட்டை எடு. உன் ஊருக்கு ஒரு லட்சம் வாட் தேவை என்று வைத்துக்கொள்வோம். தெருமுனை டிரான்ஸ்பார்மர் ஒன்று ஏறக்குறைய அவ்வளவுதான் தரும். அதைக் கொண்டுவரும் கம்பியின் மின்தடை ஒரே ஒரு ஓம் என்று கொள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். 230 வோல்ட்டில் அனுப்பினால் சுமார் 435 ஆம்பியர் ஓட வேண்டும். ஒரு ஓம் கம்பியில் 435 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 435 வோல்ட் தொலைந்துபோகும். நாம் அனுப்பியதே 230 வோல்ட்! அப்படியானால் ஊருக்கு அந்த மின்சாரம் வரவே வராது. அனுப்பவே முடியாத ஒன்றை அனுப்பப் பார்க்கிறோம்.

அதே ஒரு லட்சம் வாட்டை 22,000 வோல்ட்டில் அனுப்பிப் பார். ஓடுவது நாலரை ஆம்பியர். நாலரையை நாலரையால் பெருக்கி ஒரு ஓமால் பெருக்கு: சுமார் 20 வாட். ஒரு லட்சத்தில் ஒரு எல்.இ.டி. டியூப்லைட் அளவுதான் நஷ்டம். கம்பி அதேதான், தூரமும் அதேதான். வோல்ட்டை உயர்த்தியதால் ஆம்பியர் குறைந்தது, அவ்வளவுதான் வித்தை. (மெய்யான லைனில் மூன்று கம்பிகள் இருப்பதால் கணக்கு கொஞ்சம் மாறும், விஷயம் மாறாது.)

இனி மேட்டூருக்குப் போவோம். அங்கே அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து, நீராவி உண்டாக்கி, அதைக் கொண்டு ஜெனரேட்டரை நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழற்றுகிறார்கள். 210 மெகாவாட் ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் வெளியே வரும்போது 15,750 வோல்ட்தான் இருக்கிறது. ஜெனரேட்டரிலேயே இரண்டு லட்சம் வோல்ட்டை உண்டாக்கிவிடலாமே என்று உனக்குத் தோன்றும். முடியாது. சுருள்களை இரும்பின் குறுகிய பள்ளங்களுக்குள் திணித்திருக்கிறார்கள். அத்தனை வோல்ட்டைத் தாங்கும் தடித்த காப்பு உறைக்கு அங்கே இடமில்லை.

அந்த 15,750 வோல்ட்டில் முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 9,000 ஆம்பியர் பாய்கிறது. வீட்டு வயரில் அதை நினைத்தும் பார்க்க முடியாது. தடித்த அலுமினியக் குழல்களில்தான் கொண்டுபோக வேண்டும். அதனால்தான் பெரிய டிரான்ஸ்பார்மரை ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டியதும் 2,30,000 வோல்ட், சுமார் 620 ஆம்பியர். கோபுரத்தில் தொங்கும் கம்பிக்கு அது தாங்கும்.

டிரான்ஸ்பார்மருக்குள் சுற்றுகிற பொருள் எதுவும் இல்லை. ஒரு இரும்புச் சட்டம், அதன்மேல் இரண்டு செம்புச் சுருள்கள் அல்லது அலுமினியச் சுருள்கள், எல்லாம் எண்ணெயில் மூழ்கியிருக்கும். ஒரு சுருளில் மின்சாரம் முன்னும் பின்னும் மாறிமாறி ஓடும்போது இரும்பில் காந்தம் கூடிக் குறைகிறது. அந்த மாற்றம் அடுத்த சுருளில் மின்னழுத்தத்தை எழுப்புகிறது. அதில் சுற்று அதிகமாக இருந்தால் வோல்ட் ஏறும், குறைவாக இருந்தால் இறங்கும். உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் ஏறக்குறைய தொண்ணூறு சுற்றுக்கு ஒரு சுற்று. வேலிக்கு வெளியே சற்றுத் தள்ளி நின்று கேட்டால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும். நொடிக்கு நூறு முறை அந்த இரும்பு நுணுக்கமாக நீண்டு சுருங்கும் ஓசை அது. எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடித்த ஓசை.

வழியில் 2,30,000 வோல்ட்டை ஒரு துணைமின் நிலையத்தில் 1,10,000 ஆக இறக்குகிறார்கள். அடுத்ததில் 22,000 அல்லது 11,000. நீ பஸ்ஸில் போகும்போது இதைக் கண்ணாலேயே படிக்கலாம். கோபுரத்தில் கம்பியைத் தாங்கித் தொங்கும் பீங்கான் தட்டுகளை எண்ணு. ஏழெட்டு தட்டுகள் என்றால் பெரும்பாலும் 1,10,000 வோல்ட். பதினான்கு வாக்கில் இருந்தால் 2,30,000. வோல்ட் கூடக் கூட, கம்பியை இரும்புக் கோபுரத்திலிருந்து அதிகம் விலக்கிவைக்க வேண்டும். அதற்குத்தான் அத்தனை தட்டுகள்.

இப்போது உன் மின்விசிறிக்கு வருவோம். தெரு டிரான்ஸ்பார்மரைத் தாண்டியதும் 230 வோல்ட். அதாவது, ஆம்பியர் மறுபடி பெருகிவிட்டது. மேட்டூரிலிருந்து வந்த அத்தனை தூரத்தையும்விட, இந்தக் கடைசி முந்நூறு மீட்டர்தான் உனக்குத் தொல்லை தருகிறது. போகும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டும் சேர்ந்து அரை ஓம் என்று கொள். மாலையில் கோடியில் உள்ள வீடுகள் எல்லாம் சேர்ந்து 60 ஆம்பியர் இழுத்தால், 30 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். உன் வீட்டுக்கு வருவது 200. மாமா வீடு டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே 230-க்குச் சற்றுத்தான் குறையும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு விழித்திருந்து மின்விசிறியைக் கவனி. எல்லோரும் தூங்கப் போன பிறகு அது வேகம் பிடித்தால், காரணம் நான் சொன்னதுதான். ஆனால் உன் வீட்டில் விளக்கு மங்கும்போது பக்கத்து வீட்டில் அளவுக்கு மீறிப் பிரகாசமாக எரிந்தால், அது வேறு கோளாறு: திரும்பும் கம்பி, அதாவது நியூட்ரல், எங்கோ அறுந்திருக்கலாம். உடனே அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லி மெயின் சுவிட்சை அணைக்கச் செய். பிறகு மின்வாரிய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கம்பத்தின் பக்கமே போகாதே.

வோல்ட் குறைகிறது என்று தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். வீட்டுக்குள் வோல்ட்டை ஏற்ற அது கம்பியிலிருந்து கூடுதல் ஆம்பியரை இழுக்கும். கம்பியில் இன்னும் கொஞ்சம் தொலையும். சரியான தீர்வு இரண்டு. தடித்த கம்பி போடலாம். அல்லது 22,000 வோல்ட் லைனை உங்கள் தெருவின் நடுப்பகுதி வரை நீட்டி, அங்கே இன்னொரு சிறிய டிரான்ஸ்பார்மர் வைக்கலாம். இரண்டாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தெருவாசிகள் எல்லோரும் கையெழுத்திட்டு, மாலை எத்தனை மணிக்கு எவ்வளவு வோல்ட் என்று ஒரு வாரம் குறித்த காகிதத்தையும் சேர்த்து மனு கொடுங்கள். வோல்ட்டை அளக்க எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல, நீ எழுதிக்கொள்.

அன்புடன்.