"ஒண்டும் வேண்டாம்" என்பவரிடம் என்ன கேட்பது?

கேள்வி: வெள்ளம் வந்தால் எங்கள் ஊர்ப் பாடசாலையில்தான் முகாம். வாசலில் நின்று குடும்பங்களை வரவேற்பது என் வேலை. தண்ணீர், மருந்து, உலர்ந்த உடுப்பு மூன்றையும் முதலில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டால் "ஒண்டும் வேண்டாம்" என்கிறார்கள். இரவானதும் ஒவ்வொன்றாக வந்து கேட்கிறார்கள். நான் கேட்கிற விதம் பிழையா, அக்கா?
– ஒரு வாசகி, மூதூர்

தங்கச்சி, விருந்துக்கு வந்த வீட்டிலேயே தேத்தண்ணி வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லி மூன்றாம் தரம்தான் வாங்குகிற ஆட்கள் நாங்கள். வீட்டை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற மனிசி "வேணும்" என்று சொல்வாளா? ஆகவே "வேணுமா" என்ற சொல்லையே விட்டுவிடுங்கள்.

தண்ணீரைக் கேட்காமல் ஊற்றிக் கையில் கொடுங்கள். கொதித்தாறிய தண்ணீராக இருக்கட்டும். வெள்ளம் ஏறிய கிணற்றுத் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும், குளோரின் போட்டு பி.எச்.ஐ. சரி சொல்லும்வரை குடிக்க ஆகாது. பெண்கள் கோப்பையை வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். மலசலகூடம் எங்கே, கதவுக்குக் கொண்டி இருக்கிறதா என்று தெரியாததால்தான் அப்படி. கோப்பையைக் கொடுக்கும்போதே இடத்தையும் காட்டிவிடுங்கள், மிச்சத்தையும் குடிப்பார்கள்.

உடுப்புக்கும் அதே மாதிரித்தான். சாரமோ சட்டையோ கையில் கொடுத்தால் மட்டும் போதாது, மாற்ற மறைவு வேண்டும். ஒரு வகுப்பறையின் ஜன்னலுக்குப் பழைய சேலையைக் கட்டி, அதைப் பெண்களுக்கென்று ஒதுக்குங்கள். உள்ளாடையும் நாப்கினும் அந்த அறைக்குள் ஒரு பையில் இருக்கட்டும், வாசலில் அதைப் பற்றிப் பேச வேண்டாம். கைக்குழந்தைகளை முதலில் மாற்றுங்கள், அவர்களுக்குத்தான் உடம்புச் சூடு வேகமாக இறங்கும்.

மருந்து விஷயத்தில்தான் கூடுதலாக மினக்கெட வேண்டும். "வருத்தம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். சீனியும் பிரஷரும் எங்கள் ஆட்களுக்கு வருத்தமே இல்லை! "கிளினிக் கொப்பி கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "அது தண்ணியோட போட்டுது" என்று தொடங்கி எல்லாம் வெளியே வரும். அடுத்து இரண்டு கேள்வி: கடைசியாக எப்போது மருந்து போட்டீர்கள்? அதற்குப் பிறகு என்ன சாப்பிட்டீர்கள்?

இந்த இரண்டாவது கேள்வியை ஒரு ஐயாவிடம்தான் நான் படித்தேன். தாதியாக வேலை செய்த காலம். முகாமுக்கு நடுங்கிக்கொண்டு வந்தார். குளிர் என்று நினைத்து ஈரச் சாரத்தை மாற்றி, போர்வையும் போர்த்தினோம். நடுக்கம் நிற்கவில்லை. துடைத்துவிட்ட நெற்றியில் மறுபடி வியர்வை முத்து முத்தாக நின்றது. குளிரில் நடுங்குகிறவருக்கு ஏன் வியர்க்கிறது? மகளின் பெயரைக் கேட்டேன், மனைவியின் பெயரைச் சொன்னார். காலையில் வழக்கம்போல இன்சுலின் ஊசி போட்டிருக்கிறார், தண்ணீர் ஏறியதும் சாப்பிடாமலே வள்ளத்தில் ஏறியிருக்கிறார். இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. அரைக் கோப்பைத் தண்ணீரில் நாலு தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுத்தோம். கால் மணித்தியாலத்தில் நடுக்கம் குறைந்தது, பிறகு பிஸ்கட்டும் சோறும். குறையாவிட்டால் அதே அளவு இன்னொரு தரம் கொடுக்கலாம். ஆனால் மயங்கிக் கிடக்கிறவரின் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், புரைக்கேறும். பக்கவாட்டில் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள்.

மறுபக்கமும் உண்டு. ஊசி தண்ணீரோடு போய், ஒரு நாளாகப் போடாதவருக்குச் சீனி ஏறும். தண்ணீர் விடாய் அடங்காது, அடிக்கடி சலம் போகும். சத்தியும் பெருமூச்சும் தொடங்கினால் விடியட்டும் என்று பார்க்காமல் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். வலிப்புக் குளிசை விட்டுப்போனவரையும் அன்றைக்கே வைத்தியருக்குத் தெரியப்படுத்த வேண்டும். "என்னட்டையும் அதே குளிசைதான் இருக்கு, இந்தாங்கோ" என்று பக்கத்துப் பாயிலிருந்து ஒரு கை நீளும். அன்பான கைதான், ஆனாலும் தடுத்துவிடுங்கள். நிறம் ஒன்றாக இருந்தாலும் அளவு வேறாக இருக்கும்.

கேட்டதைத் துண்டில் எழுதுங்கள்: ஆள், மருந்து, கடைசியாகப் போட்ட நேரம். மருந்தின் பெயர் தெரியாவிட்டால் வெறும் குளிசை அட்டையாவது மடியில் இருக்கிறதா என்று பாருங்கள், பின்பக்கத்தில் பெயர் இருக்கும். நனைந்த கிளினிக் கொப்பியை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள், பக்கம் கிழியும். விரித்தபடி காற்றாட வையுங்கள். துண்டை முகாமுக்கு வரும் மருத்துவக் குழுவின் கையிலேயே கொடுங்கள், மேசையில் வைத்தால் நிவாரணப் பட்டியல்களுக்குள் போய்விடும். கிராம சேவகரின் பெயர்ப் பதிவு அரை மணித்தியாலம் பிந்தினால் ஒன்றும் ஆகாது, அவரிடம் நானே சொன்னதாகச் சொல்லுங்கள்.